நேற்று வராதவர்கள்

சிதம்பரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். இரண்டு டாக்டர்கள், ஒரு நர்ஸ், ரத்தம் எடுக்க ஒரு பெண், கவுன்டரில் நான். எனக்கு மேலே ரிசப்ஷன் மேனேஜர், ஐம்பது வயதுப் பெண்மணி. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். என் வீடு திருப்பாதிரிப்புலியூரில். காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புவேன்.

கவுன்டரைத் திறந்ததும் என் முதல் வேலை, முந்தின நாள் வராமல் போனவர்களைக் கணக்கெடுப்பது. நாற்பத்து நாலு பேர் நேரம் வாங்கியிருந்தார்கள், நாலு பேர் முன்னாடியே போன் செய்து வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றால் மிச்சம் நாற்பது. அதில் ஆறு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை என்றால் நூற்றுக்குப் பதினைந்து. நேரம் வாங்காமல் நேரே வருகிறவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். இந்த ஒரு எண்ணையும் ஆறு பேர் பட்டியலையும் ஒன்பது மணிக்குள் மேடத்தின் மேஜையில் வைத்துவிட வேண்டும். எண் ஏறினால் மணிக்கு ஒரு ஆளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்வார். இரண்டு தடவை வராமல் போனவர்களுக்கு அதன் பிறகு நேரம் கொடுக்கக் கூடாது, வந்து காத்திருந்து கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பதும் அவர் வைத்த விதி. டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்க, நேரம் கிடைக்காதவர்கள் வெளியே அலையக் கூடாது இல்லையா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒருவர் வந்ததும் கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேரே ‘வந்தார்’ என்று அழுத்த வேண்டும். அப்போதுதான் டாக்டரின் திரையில் அவர் பெயர் தெரியும், நர்ஸ் கூப்பிடுவார். சாயங்காலம் கணக்கை மூடும்போது அழுத்தாத பெயர்களெல்லாம் தானாகவே ‘வரவில்லை’ என்று மாறிவிடும். யாரும் உட்கார்ந்து அதை எழுதுவதில்லை.

என்னோடு கவுன்டரில் இருந்த பெண் கல்யாணமாகிப் போனாள். வேறு ஆள் கிடைக்கச் சில மாதம் ஆகும் என்றார்கள். இரண்டு போன், கவுன்டர், பில் எல்லாம் என் தலையில் விழுந்தது. அந்த மாதங்களில்தான் எண் ஏறத் தொடங்கியது. ஏன் என்று மேடம் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சொல்வேன். மழை, பஸ் இல்லை, கோயில் திருவிழா. வராதவர்களைப் பற்றி என்ன சொன்னாலும் மறுத்துப் பேச அங்கே ஆள் இல்லை.

ஒருநாள் காலை மேடம் பட்டியலைத் திருப்பி என்னிடமே கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்டு, பக்கத்தில் எழுதச் சொன்னார்.

முதல் மூன்று பேர் எதிர்பார்த்த பதிலைத்தான் சொன்னார்கள். நாலாவது கிள்ளையைச் சேர்ந்த ஒரு அம்மா. மீனவக் குடும்பம், சர்க்கரை நோயாளி. ஏன் வரவில்லை என்று கேட்டேன். “நான் வந்தனேம்மா. நீதான உக்காருன்னு சொன்ன” என்றார்.

யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். எந்த நேரம் என்று கேட்டேன். எட்டரைக்கே வந்துவிட்டதாகவும், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் காப்பிகூடக் குடிக்கவில்லை என்றும் சொன்னார். பன்னிரண்டரை வரை பார்த்துவிட்டு, தலை சுற்றியதால் பஸ் ஏறிவிட்டாராம். வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். “நீ போன்ல பேசிக்கினே இருந்த. பேரு சொல்லிக் கூப்புடுவாங்கன்னு இருந்துட்டேன்” என்றார்.

பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில், வந்ததாகச் சொல்கிறார் என்று எழுதி மேடத்திடம் கொடுத்தேன். எழுதும்போது எனக்குக் கோபம்தான் இருந்தது. மேடம் அதைப் படித்துவிட்டு கேமராவைப் போட்டுப் பார்ப்போம் என்றார்.

கூடத்தின் மூலையில் இருக்கும் கேமரா. சத்தம் கிடையாது. எட்டரைக்கு மேல் ஒரு அம்மா உள்ளே வருகிறார். கையில் மஞ்சள் துணிப்பை. கவுன்டருக்கு முன்னால் வந்து நிற்கிறார். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். முகத்தை நிமிர்த்தவில்லை. கையை மட்டும் நாற்காலிகள் பக்கம் காட்டுகிறேன். அவர் போய் உட்காருகிறார். மேடம் படத்தை வேகமாக ஓட்டினார். கூடம் நிரம்புகிறது, காலியாகிறது, மறுபடி நிரம்புகிறது. அந்த அம்மா மட்டும் அசையாமல் இருக்கிறார். நான் அவரைக் கடந்து ஆறு தடவை போகிறேன். ஒரு தடவை அவர் பக்கத்து நாற்காலியைத் தூக்கி வேறு இடத்தில் போடுகிறேன். தூக்கும்போது என் துப்பட்டா அவர் முழங்கை மேல் படுகிறது. அவர் நிமிர்ந்து பார்க்கிறார். நான் பார்க்கவில்லை.

என்னை நானே அப்படிப் பார்த்ததில்லை. திரையில் இருந்த பெண் வேகமாக, சாமர்த்தியமாக வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அந்த நாற்காலி காலியாக இருந்தது.

மேடம் திட்டவில்லை. “ஒன்ன மட்டும் சொல்லி என்னாத்துக்கு? ரெண்டு பேரு வேலைய ஒருத்தி பாக்குறன்னு தெரிஞ்சும் நான் நம்பர மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தேன்” என்றார். உடனே அந்த அம்மாவுக்கு அவரே போன் செய்து மன்னிப்புக் கேட்டு, மறுநாளே வரச் சொன்னார்.

கேமராவில் பதினைந்து நாள் பதிவுதான் இருக்கும். அதற்கு முந்தையது அழிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அந்தப் பதினைந்து நாளையும், வரவில்லை என்று எழுதிய பெயர்களை வைத்துக்கொண்டு பார்த்தேன். இன்னும் மூன்று பேர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் போகும்போது கவுன்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று பேருக்கும் போன் செய்து வரவழைத்தோம்.

பதினைந்து நாளுக்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதான் என்னை விடவில்லை. பழைய பட்டியல்களை எடுத்து ஒவ்வொரு பெயராகப் போன் செய்தேன். நிறையப் பேருக்கு ஞாபகமில்லை. சிலர் சிரித்தார்கள். அதில் பரங்கிப்பேட்டைப் பெரியவர் ஒருவர். ரத்தக் கொதிப்புக்கு வருபவர். அடுத்தடுத்து இரண்டு தடவை வரவில்லை என்று இருந்தது. அதன் கீழே குறிப்பு: மூன்றாவது முறை வீட்டிலிருந்து கேட்டார்கள், விதிப்படி நேரம் தரவில்லை, வந்து காத்திருக்கச் சொன்னேன். நான் எழுதியதுதான். அதற்குப் பிறகு அவர் பெயரில் ஒன்றும் இல்லை.

போனை அவர் மருமகள் எடுத்தார். மாமா மவுத்தாகி இரண்டு மாதம் ஆகிறது என்றார். நெஞ்சு வலி வந்து, கடலூருக்குக் கொண்டுபோகிற வழியில் போய்விட்டாராம். நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பரங்கிப்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். மருமகளுக்கு என் வயதுதான் இருக்கும். புருஷன் வெளிநாட்டில். துக்கம் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து டீ போட்டுக் கொடுத்தார். கிளினிக்கிலிருந்து யாராவது வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மாமாவுக்குத் தெரிந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றார். டம்ளர் கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

மாத்திரையை மாமா விடாமல் சாப்பிட்டதாக, நான் கேட்காமலே மருமகள் சொன்னார். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்வாராம். நேரம் வாங்கியிருந்த அந்த இரண்டு நாளும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சிதம்பரம் கிளம்பினார் என்றும் சொன்னார்.

“சிதம்பரம் கடைத்தெருவுல அவுங்க கூட்டாளி கடை இருக்கு. அங்க உக்காந்து பேசிட்டு வந்துடுவாங்க. மூணாவது தடவ நான் போன் போட்டப்ப ரெண்டு தடவையும் அவுங்க வரவே இல்லன்னு நீங்க சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? எனக்குக் கோவம் வந்துடுச்சு. நல்லா ஏசிட்டேன். போனேம்மா, கூப்புடலன்னாங்க. பொய் சொல்லாதீங்க மாமான்னேன். அதுக்கப்புறம் கிளினிக்குன்னாலே போவ மாட்டேன்னுட்டாங்க.”

நான் சொல்ல வந்ததை அதற்குப் பிறகு சொல்லாமல் திரும்பியிருக்கலாம். பல நாள் அப்படி நினைத்திருக்கிறேன். ஆனால் சொன்னேன். கிள்ளை அம்மாவைப் பற்றியும், கேமராவில் பார்த்ததையும், அந்த மாதங்களில் நான் மட்டும் இருந்ததையும். அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப மாமா சொன்னது நெசமா?”

“தெரியலைங்க. அந்த நாளோட படம் இல்ல.”

“வந்துருப்பாங்களா, மாட்டாங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

“எனக்குத் தெரியல.”

அவர் எழுந்து என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றார். “நீங்க வராமயே இருந்துருக்கலாம்” என்றார். குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டாக்டரிடம் சொன்னார். ஒரு வாரத்தில் புதிய பெண் வேலைக்கு வந்தாள். நாங்கள் ‘வந்தார்’ என்று அழுத்திச் சீட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் ஒருவர் நாற்காலிக்குப் போகலாம் என்று ஆனது. பதினோரு மணிக்கும் ஒரு மணிக்கும் எங்களில் ஒருத்தி கூடத்துக்குப் போய் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு வருவோம். காலைப் பட்டியலில் ஒரு வரி கூடியது: வந்தார், பார்க்காமல் போனார். அந்த வரியில் இப்போது பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. வராதவர்கள் எண்ணும் இறங்கிவிட்டது. பழைய மாதங்களின் எண்களைத் திருத்தலாமா என்று மேடம் கேட்டார். எதை வைத்துத் திருத்துவது? அவை அப்படியே இருக்கின்றன.

அந்தப் பெரியவரின் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன். பல மாதம் வந்து போனவர், என்னிடம் பேசியிருப்பார். அவர் வயது தெரியும், கடைசியாக எடுத்த ரத்த அழுத்தம் தெரியும். முகம் இல்லை. அதனால் தேய்த்த சட்டை போட்ட எந்தப் பெரியவர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாலும் எழுந்துவிடுவேன். போய்ப் பெயரைக் கேட்பேன். சொல்வார். திரையில் இருக்கும். அப்படியும் திரும்பி வந்து மறுபடி எட்டிப் பார்ப்பேன். ரயில் பரங்கிப்பேட்டையில் நிற்கும்போது கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்துகொள்வேன். பிளாட்பாரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பயம்.

போன மாதம் அந்த மருமகள் காய்ச்சலில் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்கு வந்தார். குழந்தையின் பெயரில் நேரம் வாங்கியிருந்ததால் அவர் வருவது எனக்குத் தெரியாது. சீட்டைக் கொடுத்து உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை.

“பதிஞ்சிட்டீங்களா?” என்றார்.

பதிந்துவிட்டேன் என்றேன். அவர் நகரவில்லை. மானிட்டரைத் திருப்பிக் காட்டினேன். பெயரையும் பக்கத்தில் இருந்த ‘வந்தார்’ என்பதையும் மெதுவாகப் படித்தார். பிறகு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கவுன்டருக்கு நேர் எதிரில், நான் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நர்ஸ் கூப்பிடும்வரை இருபது நிமிடம் ஆகியிருக்கும். அதுவரை என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.