கழுதையும் புனிதரும் போன பெயர்

அஞ்சலாட்சி வைத்திக்குப்பத்துக்காரி. ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் படித்து, மருத்துவச்சிப் பத்திரம் வாங்கி, பதினெட்டு வருடமாகப் பிள்ளைப்பேறு பார்க்கிறாள். பிரெஞ்சுக் குடியரசின் பிறப்புப் பதிவேட்டில் அவள் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. அதனால் குடியரசைப் பொறுத்தவரை புதுச்சேரியில் அவள் மூன்று பேர். அதிகாரிகள் வாயில் அவள் ஒருத்திகூட இல்லை. 'மருத்துவச்சி' என்பார்கள், அவசரத்தில் 'ஏம்மா' என்பார்கள்.

1934இல் சுகாதார சங்கம் அவளைப் பேச அழைத்தது. கண்ணாடிச் சில்லில் எழுதியதைத் திரையில் விழவைக்கும் மாஜிக் லாந்தரில் படம் காட்டி, தொப்புள்கொடியைத் துருப்பிடித்த கத்தியால் அறுக்கக் கூடாது என்று அவள் சொல்ல வேண்டும். முதல் கண்ணாடிச் சில்லில் பேசுபவர் பெயர் இருக்கும். சங்கத் தலைவர் திரையைப் பார்த்து அதைப் படித்து அவளைச் சபைக்கு அறிமுகம் செய்வார். தலைவர் பிரெஞ்சு டாக்டர். கப்பலை விட்டு இறங்கி மூன்று வாரம் ஆகிறது.

போன வருடம் இதே மேடையில் அம்மை குத்தும் கன்னியப்பன் ஏறினார். அப்போதைய தலைவர் திரையைப் பார்த்து, 'முசியே கனிபால்' என்றார். பிரெஞ்சில் கனிபால் என்றால் மனிதனைத் தின்கிறவன். அன்று முதல் கன்னியப்பன் ஊசிப்பெட்டியோடு தெருவில் நுழைந்தால் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொள்கின்றன. அம்மை குத்திக்கொள்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சங்கமே கவலையோடு தீர்மானம் போட்டது.

அஞ்சலாட்சி சங்கத்தின் உள்ளூர் எழுத்தர் பிரான்சுவாவிடம் போனாள். சில்லுகளில் மை தொட்டு எழுதுவது அவர்தான். எழுத்து அழகு, அதை அவரே சொல்வார்.

"என் பேர சரியா சொன்னாதான் எழுந்திருப்பேன். இல்லன்னா உக்காந்த எடத்துலயே உக்காந்திருப்பேன்."

"எழுதியாச்சும்மா. கேளு." பிரான்சுவா தாளை எடுத்து, "அஞ்சலாட்சி" என்று கணீரென்று படித்தார்.

"ஒங்களுக்கு என் பேரு தெரியும், படிக்கிறீங்க. தெரியாதவங்கள படிக்கச் சொல்லுங்க."

இதை மறுக்க வழி இல்லாததால் பிரான்சுவாவுக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ ஒருவரிடம் தாளை நீட்டினார்கள். அதில் Anjalachi என்று இருந்தது. சகோதரி, "ஆங்... ழலாஷி" என்றார், மூக்கால்.

"சளி புடிச்சவளாட்டம் இருக்கே" என்றாள் அஞ்சலாட்சி.

பிரான்சுவா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவங்க வாய்க்கு ஏத்த மாதிரி ஒடைச்சி எழுதணும். j போட்டா ழன்னு வழியும், முன்னால d வைக்கணும். ch போட்டா ஷ, அதுக்கு முன்னால t. லா நீளணும், a மேல ஒரு தொப்பி. முதல்ல இருக்கிற n மூக்குல ஏறாம இருக்க, பின்னால ஒரு e போட்டுடுவோம். நம்ம ஊர் வழக்கம்தானே? அப்பன்னு எழுத Appane, ராமன்னு எழுத Ramane."

ஒவ்வொரு அசைக்கும் நடுவே சிறு கோடு இழுத்தார்: ane-dja-lâ-tchi.

சகோதரி படித்தார். அஞ்சலாட்சி என்று சுத்தமாக வந்தது. அடுத்த நிமிடம் அவர் முகம் சிவந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"என்னா சிரிப்பு?"

பிரான்சுவா தாளைப் பார்த்தார். நாற்பது வருடமாக ஊரில் உள்ளவர்கள் பெயருக்கெல்லாம் அவர் ஒட்டிவந்த ane என்ற வால், இப்போது பெயரின் தலையில் தனியாக நின்றது.

"ஒண்ணுமில்ல. தனியா நின்னா... அதுக்குக் கழுதைன்னு அர்த்தம்."

"எந்த எழுத்தால?"

அவர் கடைசி e-யைத் தொட்டுக் காட்டினார். அஞ்சலாட்சி அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். சுருண்டு படுத்த பூனை மாதிரி இருந்தது.

"அப்போ ஒங்க அப்பன், ராமன் எல்லாரு வால்லயும் கழுதைய கட்டித்தான் அனுப்பியிருக்கீங்க."

"வார்த்தைக்குள்ள இருந்தா தெரியாதும்மா."

இன்னொரு n சேர்த்தால் தீரும் என்றார் சகோதரி. anne-dja-lâ-tchi. படித்தார், சரியாக வந்தது, யாரும் சிரிக்கவில்லை. மூவருக்கும் திருப்தி.

பிரச்சினை, தாளிலிருந்து கண்ணாடிக்குப் போனபோது வந்தது. தாளில் எல்லாம் சின்ன எழுத்து, எல்லா இடத்திலும் கோடு. பிரான்சுவாவின் அழகுணர்ச்சிக்கு அது ஒப்பவில்லை. முதல் எழுத்தைக் கொடி சுற்றிய பெரிய A ஆக்கினார். அந்தக் கொடிக்கு இடம் வேண்டியிருந்ததால் முதல் கோட்டை விட்டுவிட்டார். சரிபார்க்க மறுபடி யாரிடமும் காட்டவில்லை, காட்டினால் அழகைக் குறைக்கச் சொல்வார்கள்.

ஞாயிறு மாலை பள்ளிக்கூடக் கூடத்தில் இடம் இல்லை. முன்வரிசையில் தொப்பி போட்ட துரைமார்கள், பின்னால் அஞ்சலாட்சி கையில் பிறந்த பிள்ளைகளோடு தாய்மார்கள். லாந்தர்க்காரர் பக்கிரி முதல் சில்லைத் தலைகீழாகச் செருகினார். திரையில் நேராக விழுந்தது: Anne dja-lâ-tchi.

தலைவர் புன்னகைத்தார். தெரிந்த பெயர், புனித அன்னம்மாளின் பெயர். "மதாம் அன்..." என்று நிறுத்தி, தலையசைத்து, பிறகு சிரமத்தோடு, "ஜலாட்சி" என்றார்.

தொப்பிகள் கை தட்டின. அஞ்சலாட்சி எழுந்திருக்கவில்லை.

"மதாம் அன்!" என்றார் தலைவர் மறுபடி, சுற்றிப் பார்த்து.

"அப்படி யாரும் இங்க இல்ல" என்றாள் அஞ்சலாட்சி, உட்கார்ந்தபடியே.

பின்வரிசையில் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அன்னக்கிளி கேட்டாள்: "யாருக்கா அந்த அன்னம்மா? நீ எப்ப கிறிஸ்து வேதத்துல சேந்த?"

பிரான்சுவா குனிந்து ஓடிவந்தார். "எழுந்திரும்மா. சத்தம் சரிதானே, நடுவுல கொஞ்சம் நின்னுட்டாரு, அவ்வளவுதான். ஞானஸ்நானமா குடுத்துட்டாரு?"

"என்னய ரெண்டா வெட்டிட்டாரு. ஏற்கெனவே ஆபீசுல மூணு பேரு நானு. கோடு எங்க?"

"எடம் இல்லம்மா."

அஞ்சலாட்சி திரையைப் பார்த்தாள். பிரெஞ்சு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் முதல் துண்டின் கடைசியில் அந்தப் பூனை ஒரு ஆள் உயரத்துக்குச் சுருண்டு படுத்திருந்தது.

"என்னய கழுதையாக்குனது இதுதானே? இதுமேல கோட்ட போடுங்க."

பிரான்சுவா திரையைப் பார்த்தார். அது சரிதான். e போனால் புனிதர் போய்விடுவார், இரண்டு n இருப்பதால் மூக்கும் அடைக்காது. ஆனால் மைக்கூடு வீட்டில் இருந்தது.

அன்னக்கிளி பிள்ளைக்குப் பொட்டு வைக்கும் மைச்சிமிழை முன்னால் நீட்டினாள். அது நாலு கை மாறி லாந்தருக்குப் போனது. பக்கிரி சில்லை உருவி, சுட்ட விரலை ஊதிக்கொண்டே, பிரான்சுவா காட்டிய இடத்தில் மையைத் தடவித் திரும்பச் செருகினார். திரையில் வாழைக்காய்ப் பருமனில் ஒரு கோடு விழுந்தது: Ann-dja-lâ-tchi.

பிரான்சுவா கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தெரிந்த பெயர் எதுவும் இல்லாததால் எழுத்துகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஒரே மூச்சில், "மதாம் அஞ்சலாட்சி" என்றார்.

பின்வரிசை, பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் அளவுக்குக் கை தட்டியது. அஞ்சலாட்சி எழுந்து மேடைக்குப் போனாள். பேசத் தொடங்குமுன் தலைவர் பக்கம் திரும்பி, "தொரை பேரு இன்னா?" என்றாள்.

பிரான்சுவா மொழிபெயர்த்தார். தலைவர் சொன்னார். எழுதினால் பத்து எழுத்து, சொன்னால் நான்குகூடத் தேறாத பெயர். அஞ்சலாட்சி கேட்டாள், அப்படியே திருப்பிச் சொன்னாள். தலைவர் ஆச்சரியத்தோடு குனிந்து வணங்கினார்.

கூட்டம் நடந்த விதம் பற்றிப் பிரான்சுவா மறுநாள் அழகான கையெழுத்தில் குறிப்பு எழுதினார். பேசியவர் மதாம் Andjalatchy என்று அதில் இருக்கிறது. இது நான்காவது.