ஒன்பதாம் வரிசை

பாண்டீஸ்வரி திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண். காரைக்குடியில் ஒரு சுகாதார ஆய்வுக் குழுவில் ஒப்பந்த வேலை பார்த்தாள். பிரசவ வார்டில் பெண்களை எப்படி நடத்துகிறார்கள் என்பது ஆய்வு. பேட்டி எடுப்பது, அதை எழுதித் திரும்பத் திரும்பப் படிப்பது, படித்ததை அட்டவணையில் ஏற்றுவது எல்லாம் அவள் பாடுதான். வரிசைக்கு ஒரு பெண். பத்திக்கு ஒரு கருப்பொருள்: காத்திருப்பு, வசவு, முறையீடு என்று. ஒவ்வொரு கட்டத்திலும் சுருக்கம், அந்தப் பெண் சொன்ன சொல்லிலேயே ஒரு துணுக்கு, பேட்டியின் பக்க எண். மேலிருந்து கீழே படித்தால் வசவு யார் யாருக்கு எப்படி விழுந்தது என்று ஒப்பிடலாம். குறுக்கே படித்தால் ஒருத்தியின் கதை சிதறாமல் நிற்கும். அப்படி நிற்க வைப்பதில் அவள் கெட்டிக்காரி. அந்தக் கர்வமும் அவளுக்கு உண்டு.

ஒன்பதாம் வரிசை அம்மாக்கண்ணுவுடையது. அதே ஆஸ்பத்திரியில் காண்ட்ராக்டில் கூட்டித் துடைப்பவள், பிரசவமும் அங்கேதான். இரட்டையில் ஒன்று தங்கவில்லை. புருஷன் விட்டுப் போன வீட்டில் அவள் சம்பளம்தான் சோறு. பேர் வெளியே வராது என்று பாண்டீஸ்வரி சத்தியம் செய்த பிறகே வாயைத் திறந்தாள்.

ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஆய்வை விளக்கும் கூட்டம் வந்தது. குழுத் தலைவர் முருகப்பன் முழு அட்டவணையையும் திரையில் போடச் சொன்னார்.

“வேணாம் சார். பத்திக்கொரு சுருக்கம் மட்டும் போதும். ஒரு வரிசையக் குறுக்க வாசிச்சாகன்னா ஆள் தெரிஞ்சிரும்.”

“பேரைத்தான் எடுத்தாச்சே, நம்பர்தானே இருக்கு? நாம எப்படி உழைச்சிருக்கோம்னு பாக்கட்டும்.”

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாதம். பாண்டீஸ்வரி வாயை மூடிக்கொண்டு திரையில் போட்டாள். கோழைத்தனம்தான், வேறென்ன.

தலைமை நர்ஸ் ஒன்பதாம் வரிசையைக் குறுக்கே படித்துக்கொண்டே போனாள். இரட்டைக் குழந்தை. ஒன்று இறந்தது. ‘நான் தொடைச்ச தரையிலயே என்னயப் படுக்க வச்சாக.’

“அட, நம்ம அம்மாக்கண்ணு! வாய் இம்புட்டு நீளமா?”

அறையே சிரித்தது. முருகப்பனும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். மறு வாரம் காண்ட்ராக்டர் அம்மாக்கண்ணுவை வர வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. அவளுக்கா தெரியாது?

பாண்டீஸ்வரி அழுதுகொண்டே முருகப்பனிடம் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

“இது புதுக் கருப்பொருள்மா! ‘பேசியதன் விளைவு’ன்னு ஒரு பத்தி சேர்த்துடு. மத்த பேட்டிகளையும் இதுக்காகத் திரும்பப் படிக்கணும், மறந்துடாதே. அவளை முதல்ல போய்ப் பார்.”

போனாள். அம்மாக்கண்ணு கதவைப் பாதிதான் திறந்தாள். இடுப்பில் பிழைத்த பிள்ளை.

“ஒன்னய நம்பிப் பேசுனேன் பாரு, என்னயச் செருப்பால அடிக்கணும். இனி இங்குட்டு வந்துறாத.”

திரும்பி வந்ததும் முருகப்பன் கேட்டார்: “என்ன சொன்னா?”

மறைக்கத் தெரியாமல் அப்படியே சொல்லிவிட்டாள்.

“பிரமாதம்! ஒரு வார்த்தை மாத்தாம அவ சொல்லிலேயே போடு. அறிக்கையோட முதல் மேற்கோளே இதுதான்.”

பாண்டீஸ்வரி ஒன்பதாம் வரிசையின் கடைசிக் கட்டத்தில் அதைத் தட்டச்சு செய்தாள். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.