மகளின் முதல் முட்டை

என் கணவருக்கு இறால் ஆகாது. ஒரு கல்யாண விருந்தில் தெரியாமல் தின்றுவிட்டு முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். அதனால், ஆறு மாதம் முடிந்த மகளுக்கு முட்டை கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் மனுஷனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எனக்கும்தான். இவளுக்கும் அப்பா உடம்பே வாய்த்திருந்தால்?

காலையிலேயே கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஏதாவது ஆனால் பகலில் கவனிக்கலாம், ஓடலாம். அன்றைக்கு வேறு புது உணவு எதுவும் கூடாது.

"அரைவேக்காட்டுக் கலக்கி பதத்துல குடுத்தா வழுக்கிட்டுப் போகும்ல?" என்றார் இவர்.

"கலக்கியெல்லாம் நீங்க கடையில தின்னுங்க. பிள்ளைக்கு வெள்ளை, மஞ்சள் ரெண்டும் நல்லா கெட்டியா வேகணும்."

முட்டை வெந்து முடிவதற்குள் தெருமுனைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்தார். வாசலில் தன் சிநேகிதரின் ஆட்டோவையும் நிறுத்திவிட்டார்.

"ஏன் மாப்ள, ஒரு முட்டைக்கா இம்புட்டு அலப்பறை?" என்று ஆட்டோவிலிருந்து குரல் வந்தது.

முட்டையை மைய மசித்து, தாய்ப்பால் விட்டுத் தளர்த்தி, கரண்டி நுனியில் துளி கொடுத்தேன். மகாராணி சப்புக்கொட்டினாள். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். உதடு வீங்குகிறதா, தடிப்பு வருகிறதா, வாந்தி எடுக்கிறாளா, மூச்சு இழுக்கிறதா என்று இரண்டு பேரும் கண் கொட்டாமல் பார்த்தோம். ஒன்றும் இல்லை. இவர் பூரித்துப்போய் அவளைத் தூக்கிக் கொஞ்சித் தள்ளினார்.

நான் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், ஐயோ! பிள்ளையின் கன்னமெல்லாம் சிவப்பு!

"அண்ணே, வண்டிய எடுங்க!" என்று அலறிக்கொண்டே பிள்ளையைப் பிடுங்கினேன். இவருக்கு ஒரு காலில்தான் செருப்பு. ஆட்டோவில் ஏறி அவள் முகத்தைத் தடவினேன். சிவப்பு என் விரலோடு வந்துவிட்டது. நிமிர்ந்து இவரைப் பார்த்தேன். பிள்ளையார் கோவில் குங்குமம் நெற்றியில் பாதிதான் இருந்தது.

"உங்களையெல்லாம்..." என்று திட்ட ஆரம்பித்தவள் அழுதுவிட்டேன். அத்தனை நிம்மதி.

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தோம். தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, மூச்சும் சீராக இருந்தது. இருந்தாலும் இரண்டு மணி நேரமாவது கவனிக்கச் சொல்லியிருந்தாரே டாக்டர்! வீட்டுக்குள் வந்து, தூங்கிப்போன பிள்ளையின் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு, மூக்கோடு மூக்கு உரச மூச்சைப் பார்த்தோம்.

கண் விழித்தவள் இடப்பக்கம் அப்பா மூஞ்சியைப் பார்த்தாள். வலப்பக்கம் என் மூஞ்சியைப் பார்த்தாள். வீடே அதிர வீறிட்டாள். முட்டை அவளுக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது, நாங்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.