கம்பியில் தொங்கிப் பார்த்தவர்

காரைக்குடியில் ஒரு பல் மருத்துவமனைக்கு வயரிங் செய்துகொண்டிருந்தேன். அதன் காத்திருப்பு ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட வந்தவர் ஒக்கூர்க்காரர். மரவேலையில் தொடங்கி சீலிங்குக்கு வந்தவர். அன்று அவருடைய கூட்டாளிக்குக் காய்ச்சல்.

"கூரையில ஓட்டை மட்டும் போட்டுத் தாரீகளா?" என்று கேட்டார். டிரில்லிங் மெஷின் எனக்குப் பழக்கம்தானே என்று சாரத்தில் ஏறிவிட்டேன்.

லேசர் வைத்து மட்டம் குறித்து, நான்கு சுவரிலும் விளிம்புச் சேனல் என்கிற தகரப் பட்டையை அவர் அடித்து முடித்திருந்தார். நாலடிக்கு ஒன்றாக நான் துளை போட்டு ஆங்கர் போல்ட்டை இறக்கி முறுக்க, பின்னாலேயே வந்து தொங்குகம்பிகளை மாட்டினார். ஜன்னல் பக்கம் மெஷின் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வேலை வேகமாக முடிகிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

சேனல் மாட்டுவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு கட்டையைக் கோர்த்து நட்டு போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு சாரத்திலிருந்து காலை இரண்டு அங்குலம் தூக்கித் தொங்கினார். ஜன்னலோரக் கம்பி போல்ட்டோடும் ஒரு பூச்சுக்கட்டியோடும் அவர் கையில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் கான்கிரீட் மேடுபள்ளமாக இருந்ததால் பூச்சைக் கனமாகப் போட்டு நிரவியிருக்கிறார்கள். என் துளை கான்கிரீட்டைத் தொடவே இல்லை.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். "வெள்ளிக்கிழமை திறப்புன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேனே. ஒண்ணு போனா மத்த கம்பியெல்லாம் தாங்காதா?"

"இன்னைக்குத் தாங்கும் டாக்டரம்மா. கீழ பிள்ளைகளை வச்சுக்கிட்டு ஆளுக உக்காந்திருப்பாக. இங்குட்டு உள்ள அத்தனையும் கழட்டி மறுபடி போடணும்."

துளை போட்டது யார் என்று ஒக்கூர்க்காரர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஓட்டை போட்டது நான்தான் மேடம்" என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அந்தக் கட்டியைப் பார்த்தார். "சரி, திறப்பை அடுத்த வெள்ளிக்கு மாத்திக்கிறேன்" என்று போய்விட்டார்.

ஒன்பது இடங்களில் பூச்சைக் கொத்தி, கான்கிரீட் தெரிந்த பிறகு துளைத்தோம். மெஷின் இப்போது முனகிக்கொண்டுதான் இறங்கியது. முடிந்ததும் அவர் ஒன்பதிலும் தொங்கினார். முன்பு தாங்கிய கம்பிகளிலும் ஒருமுறை தொங்கினார்.

மறுநாள் கம்பிகளில் பெரிய சேனல்கள் ஏறின. அவற்றுக்குக் குறுக்கே ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சிறிய சேனல்களைக் கிளிப் போட்டுப் பூட்டினார். ஃபேனை அதில் மாட்டாமல் கூரைக் கொக்கியிலேயே நான் தனியாகத் தொங்கவிட வழி விட்டார். ஜிப்சம் போர்டுகளை இருவரும் தலையாலும் கையாலும் தாங்கி ஏற்றினோம். ஸ்க்ரூவின் தலை போர்டின் மேல்காகிதத்தைக் கிழிக்காமல், மயிரிழை உள்ளே போனதும் அவர் விரல் தானாக நின்றது. நூறு ஸ்க்ரூவுக்கு மேல் பார்த்தேன், ஒன்றும் பிசகவில்லை.

இணைப்புகளில் டேப் ஒட்டி, பேஸ்ட் பூசி, காய்ந்ததும் தேய்த்தார். நான் லைட் மாட்டும்போது உள்ளங்கையால் சீலிங்கைத் தடவிப் பார்த்தேன். எங்கே ஒரு போர்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கைக்குத் தெரியவில்லை. கீழே குனிந்து பார்த்தேன், அவர் தூசியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.