கப்பல் திரும்பும் தேதி

வாசித்தி ஃபிஜித் தீவுகளின் தலைநகரான சுவாவில் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. முப்பத்தெட்டு வயதில் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். பருவத்தின் கடைசி வேலை ஓர் ஆய்வுத் திட்டம் எழுதுவது. நல்ல திட்டங்கள் இரண்டுக்குத் துறையே நிஜமாகப் பணம் கொடுக்கும். உச்சவரம்பு மூவாயிரம் டாலர்.

லாவு தீவுக்கூட்டத்தின் தெற்கு ஓரத்தில் அவளுடைய அம்மா பிறந்த தீவு இருக்கிறது. அங்கே பெண்கள் கடல் வற்றும் நேரத்தில் பாறைத்திட்டுக்குப் போய்ச் சிப்பி பொறுக்குவார்கள். சில வருடங்களாக இளம்பெண்கள் போவதில்லை. ஏன் என்று கேட்டு வருவதுதான் அவள் ஆய்வு. கேள்வியும் முறையும் ஒரே வாரத்தில் எழுதி முடித்தாள். வரவு செலவில்தான் மாட்டிக்கொண்டாள்.

முதல் வரைவில் கப்பல் கட்டணம், ஊர்த் தலைவருக்கு முறைப்படி வைக்க வேண்டிய, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு, பத்து நாள் கேள்வி கேட்கும் உதவிப்பெண்ணின் கூலி, ஒலிப்பதிவுக் கருவிக்கு பேட்டரி என்று எழுதி, தங்குமிடத்துக்கு எதிரே பூஜ்யம் போட்டிருந்தாள். விரிவுரையாளர் ஷைலேஷ்னி அதை வரிவரியாகப் பார்த்தார்.

"யங்கோனா சரி. சந்தையில ரசீது தரமாட்டாங்க, வித்தவங்க கையெழுத்து போட்ட சீட்டு ஒண்ணு வாங்கி வைங்க, போதும். தங்குறதுக்கு ஏன் பூஜ்யம்?"

"அத்தை வீடு மேடம். காசு கொடுத்தா சண்டைக்கு வருவாங்க."

"அப்போ அதையே எழுதுங்க. சும்மா கிடைக்கிறதுக்கும் காரணம் வேணும். அத்தை வீட்டுல என்ன சாப்பிடுவீங்க?"

சாப்பாட்டுக்கு வாசித்தி ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. போன புயலில் தோட்டமெல்லாம் அழிந்த தீவு. வெறுங்கையோடு போய் உட்கார முடியாது. அரிசி, மாவு, சர்க்கரை மூட்டைகள் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சரக்குக் கூலி.

"இன்னொண்ணு. ஏன் பத்து நாள்? கப்பல் பத்தாவது நாள் திரும்புதா?"

அதைக் கேட்கத்தான் மறுநாள் கப்பல் அலுவலகத்துக்குப் போனாள். மசிமேக்கே என்ற கனத்த மனிதர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்.

"திரும்புற தேதி போட்டு ஒரு கடிதம் வேணும் அண்ணே. யுனிவர்சிட்டிக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, போற தேதியே எனக்குத் தெரியாது. எஞ்சின் பழுது பார்க்கப் போயிருக்கு. வந்தா போகும். சரக்கு சேர்ந்தா திரும்பும்."

"சுமாரா?"

"பத்து நாள். இல்ல ஒரு மாசம். எதை எழுதினாலும் நான் பொய் சொன்னதா ஆயிடும்மா."

ஒரு மாதம் என்றால் சாப்பாட்டுச் செலவு மூன்று மடங்கு. பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு வேறு. அதை வரவு செலவில் சேர்க்க விதி இல்லை. எதிர்பாராச் செலவு என்று பத்து சதவீதத்துக்கு மேல் போடவும் கூடாது. விமானத்தைக் கணக்கிட்டுப் பார்த்தாள். வாரம் ஒரு சிறு விமானம் உண்டு, கட்டணம் கப்பலைவிட இரண்டு மடங்குக்கு மேல். அது அவளை ஏற்றிக்கொள்ளும், அரிசி மூட்டையை ஏற்றாது. மூட்டை கப்பலில்தான் போக வேண்டும். எப்படிக் கூட்டினாலும் மூவாயிரத்தைத் தாண்டியது. உதவிப்பெண்ணின் கூலி வரியை அடித்தாள். அடித்ததும் முறையே உடைந்தது. சொந்தக்காரியிடம் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள் என்று அவளே மேலே எழுதியிருந்தாள். திரும்பச் சேர்த்தாள்.

"பணத்துக்குத் தக்கபடி கேள்வியைச் சுருக்குங்க" என்றார் ஷைலேஷ்னி. குரலில் கடுமை இல்லை. "கப்பல் உங்க தப்பில்ல. ஆனா தேதி இல்லாத செலவைக் குழு ஏத்துக்காது. அந்தத் தீவுப் பொண்ணுங்க இங்க சுவாவுல இல்லையா?"

இருந்தார்கள். சந்தையில் சிப்பி விற்றார்கள், யாரோ பொறுக்கியதை.

அன்று மாலை அத்தைக்கு ஃபோன் போட்டாள். சிக்னல் கோபுரம் இருக்கும் மேட்டுக்கு அத்தை ஏறி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"எப்போ வர்றே? உனக்குன்னு பாய் முடைஞ்சு வெச்சிருக்கேன். பொம்பளைங்ககிட்டயும் சொல்லியாச்சு, நம்ம வாசித்தி வந்து கேள்வி கேப்பான்னு."

"இந்தத் தடவை இல்லை அத்தை."

"ஏன்டி, மழையா அங்க?"

"கணக்கு சரியா வரலை."

"என்ன கணக்கு? உன்கிட்ட யார் கணக்கு கேட்டா?" அத்தைக்குக் கோபம்கூட வரவில்லை, புரியவில்லை. விளக்க வாசித்தி வாயெடுத்தபோது சத்தம் விட்டு விட்டு வந்து அறுந்தது. திரும்பப் போட்டாள். கிடைக்கவில்லை.

புதிய வரவு செலவு அரைப்பக்கத்தில் முடிந்தது. சுவாவுக்குள் பேருந்துக் கட்டணம், ஃபோன் கட்டணம், பேச நேரம் தருபவர்களுக்கு ஒரு மளிகைப் பை. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரிக் காரணம். கூட்டினால் சரியாக வந்தது.

இரண்டு திட்டங்களில் ஒன்றாக அவளுடையதற்குப் பணம் கிடைத்தது. 'தெளிவான, நம்பத்தக்க வரவு செலவு' என்று குழு எழுதியிருந்தது. ஆசிரியர் அறையில் எல்லோரும் கை குலுக்கினார்கள். வாசித்தி சிரித்து நன்றி சொன்னாள். சனிக்கிழமை காலை சந்தைக்குப் பேருந்து ஏறினாள். முதலில் அகப்பட்ட பெண்ணிடம், பாறைத்திட்டுக்குப் போவதுண்டா என்று கேட்டாள்.

"நானா? நான் இங்கேயே பொறந்தவ அக்கா. ஒரு குவியல் எடுத்துக்கிறீங்களா?"