மஞ்சள் தடவிய பாக்கிச் சீட்டு

சிவகாசியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். வாய் நீளம் என்பதால் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன வருஷம் லிப்ட் நின்றுபோனது. சர்வீஸ் கம்பெனிக்கு வருஷப் பணம் பாக்கி. கட்டினால்தான் ஆள் அனுப்புவோம் என்றுவிட்டார்கள். சங்கத்துப் பெட்டியிலோ காசில்லை. எட்டு வீட்டில் மூன்று மாதமாகப் பராமரிப்புத் தொகை வரவில்லை. அந்த நேரம் பார்த்து நாலாவது மாடி மதினிக்கு மூட்டு ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு அனுப்புறாக. என்னை நாற்காலியில வச்சு நாலு பேரு தூக்கிட்டுப் போற மாதிரி ஆக்கிராதீக தாயி."

சொல்லும்போதே குரல் உடைந்தது. "நீங்க லிப்டுலதான் வருவீக" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பாக்கி வைத்தவர்கள் பெயரைப் போர்டில் ஒட்டு என்றார் செயலாளர். மானத்தை வாங்கியா பணம் வாங்குவது? வீட்டுக்கு ஒரு சீட்டாகத் தனித்தனியே எழுதினேன்: எந்தெந்த மாதம், எவ்வளவு, வெள்ளிக்கிழமைக்குள் தந்தால் லிப்ட் ஓடும், ஏற்கெனவே கட்டியிருந்தால் மன்னித்து ரசீதைக் காட்டவும். அச்சடிக்க முதல் மாடித் தம்பியிடம் கொடுத்தேன். திருத்தங்கலில் பிரஸ் வைத்திருக்கிறார்.

மறுநாள் வந்து சேர்ந்ததைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. மிச்சமிருந்த கல்யாணக் கார்டு, தங்க விளிம்பு, நாலு மூலையிலும் மஞ்சள்!

"ஏன் தம்பி, பாக்கி கேக்கச் சொன்னா முகூர்த்தமே வச்சுட்டீகளா?"

அவர் சம்சாரம்தான் பதில் சொன்னாள்: "மஞ்சள் இல்லாம கார்டு போனா கருமாதின்னுல்ல நினைப்பாக, அக்கா!"

எண்ணிப் பார்த்தேன். எட்டு எழுதினேன், ஒன்பது இருந்தது. ஒன்பதாவதில் அவர் வீட்டு எண்.

"சீசன் ஆர்டர்ல ரெண்டு மாசம் மறந்தே போச்சுக்கா. நீங்க கவனிக்கலை போல. எனக்கு நானே அடிச்சுக்கிட்டேன்" என்று தலையைச் சொறிந்தார். திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன்.

வேறு வழியில்லை, அப்படியே கொடுத்தேன். மறுநாள் சாயங்காலமே ஒருத்தர் வெற்றிலை பாக்கோடு கவரை நீட்டினார். உள்ளே பாக்கித்தொகை, மேலே ஒத்தை ரூபாய். கார்டு வந்தால் மொய் வைத்துத்தானே பழக்கம்! அடுத்தடுத்து எல்லாரும் ஒத்தை ரூபாய் சேர்த்தே கட்டினார்கள். வியாழக்கிழமைக்குள் ஒன்பது வீடும் முடிந்தது. சனிக்கிழமை லிப்ட் ஓடியது. உபரியாக வந்த ஒன்பது ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றே தெரியவில்லை. சூடம் வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லிப்ட் வாசலில் மதினிக்கு ஆரத்தி எடுத்தோம். வாக்கரைப் பிடித்தபடி உள்ளே ஏறியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவு மூடப்போகும்போது கையை நீட்டி நிறுத்தினாள்.

"என்ன தாயி, ஊருக்கெல்லாம் பத்திரிகை வச்சீகளாமே. மாசம் பொறந்ததும் கட்டுறவளுக்கு ஒண்ணு கிடையாதா? இருங்க, அடுத்த மாசம் நானும் கட்ட மாட்டேன்!"