படிக்காமல் விட்ட ஏழாவது ஸ்லைடு

மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தபடியே கம்பெனிகளின் வெப்சைட்டுக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அபிராமபுரத்தில் வெப்சைட் செய்து தரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். வடிவமைப்பு அவருடையது, வாசகங்கள் என்னுடையவை. மற்றப் பக்கங்களைவிட 'எங்களைப் பற்றி' பக்கத்தை நான் நன்றாக எழுதுவேன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அதுதான் என் கண்ணை மறைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கம்பெனி சக்கர நாற்காலியும் ஆஸ்பத்திரிக் கட்டில்களும் செய்கிறது. பட்டறை ஊருக்கு வெளியே, ஆபீஸ் தி.நகரில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில். ஆரம்பித்தவர் காலமாகிப் பல வருஷமாகிவிட்டது. இப்போது நடத்துவது அவருடைய மகன், நாற்பத்தைந்து வயது இருக்கும், நிதானமான மனிதர்.

"ஹிஸ்டரின்னு தனியா எதுவும் எழுதி வைக்கல மேடம். அப்பா இருக்கும்போது இருபத்தஞ்சாவது வருஷ விழாவுக்கு ஒரு பிபிடி பண்ணாங்க. அதுல இருக்கறதை வச்சு எழுதிடுங்க" என்றார் போனில். மாலைக்குள் மெயிலில் வந்தது.

நாற்பது ஸ்லைடுகள். பெரும்பாலும் பொருள்களின் படங்கள், ஏஜென்டுகளின் பட்டியல், யாரோ கைகுலுக்கும் போட்டோக்கள். கம்பெனியின் கதை நான்காவது ஸ்லைடிலிருந்து எட்டாவது வரைதான். அம்புக்குறி போட்டு ஆங்கிலத்தில் துண்டு துண்டாக: கட்டில் வியாபாரம், முதல் சக்கர நாற்காலி, முதல் பத்து ஆர்டர், சொந்தப் பட்டறை. ஆறாவதில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ. நடுவில் சக்கர நாற்காலியில் ஒரு இளம்பெண். படத்தில் அவளுக்கு வலப்பக்கம் முழுக்கைச் சட்டை போட்ட இளைஞர், அவர்தான் ஆரம்பித்தவர். இடப்பக்கம் லுங்கி கட்டி, நெற்றியில் வெல்டிங் கண்ணாடியை ஏற்றிவிட்ட இன்னொரு ஆள்.

ஏழாவது ஸ்லைடில் வெறும் கிறுக்கல். மேலே கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் நாலைந்து வரிக்குக் கலந்து கிடந்தன. எனக்கு அது என்னவென்று தெரியும். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவில் அடிப்பார்கள். அந்த எழுத்துரு நம் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் தமிழ் இப்படித்தான் தெரியும். காப்பி செய்து, இன்டர்நெட்டில் இருக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு, அது எந்த எழுத்துரு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் ஏதோ ஒன்றில் எழுத்து சரியாகிவிடும். ஐந்து நிமிஷ வேலை.

நான் செய்யவில்லை. விழாவுக்கு வந்தவர்களை வரவேற்று ஏதாவது எழுதியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்து எட்டாவது ஸ்லைடுக்குப் போய்விட்டேன்.

ஆனால் கதையில் ஓர் ஓட்டை இருந்தது. கட்டில் விற்றவர் எப்படிச் சக்கர நாற்காலிக்கு வந்தார்? அதை நான் கற்பனையால் அடைத்தேன். போட்டோவில் இருந்த பெண் அதற்குத் தோதாக இருந்தாள். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினேன். தமிழ் வாசகம் எனக்கு இன்னும் மனப்பாடம்: 'மூலையில் முடங்கிக் கிடந்த ஓர் ஏழைச் சிறுமியின் கண்ணீர் ஓர் இளைஞரின் இதயத்தை உருக்கியது. அன்றே அவர் வெல்டிங் கருவியைக் கையில் எடுத்தார்.'

நண்பரின் வடிவமைப்பில் படத்துக்குச் சதுரமான இடம்தான் இருந்தது. மூன்று பேர் அதில் அடங்கவில்லை. "லெஃப்ட்ல இருக்கற ஆளை கட் பண்ணிடுங்க, ஹெல்ப்பரா இருக்கும்" என்று நான்தான் சொன்னேன்.

மகன் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "ரொம்ப டச்சிங்கா இருக்கு மேடம். ஒண்ணே ஒண்ணு. அப்பா வெல்டிங் பண்ணி நான் பார்த்ததில்லையே."

"ஆரம்பத்துல எல்லாரும் எல்லா வேலையும்தானே சார் பண்ணியிருப்பாங்க" என்றேன்.

"ஆமாம், இருக்கலாம்" என்றார். பக்கம் வெப்சைட்டில் ஏறியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை அவரிடமிருந்து போன். குரலில் வழக்கமான நிதானம் இல்லை. "ஒரு அம்மா வந்திருக்காங்க. அந்தப் போட்டோவுல இருக்கறவங்களாம். எழுதினவங்களைப் பார்க்கணும்ங்கறாங்க. கொஞ்சம் வர முடியுமா?"

நடந்தே போய்விடலாம் என்றாலும் ஆட்டோவில் போனேன். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பாதி வழிவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. கீழே ஒரு ஃபேன்ஸி ஸ்டோர், பக்கத்தில் மாடிப்படி. படிக்கட்டின் அடியில், நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே, சக்கர நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், தலையில் முந்தானை, மடியில் கைப்பை. சக்கர நாற்காலி செய்கிற கம்பெனியின் ஆபீஸுக்கு அவரால் ஏற முடியவில்லை. மகன் பக்கத்தில் கையைப் பிசைந்தபடி நின்றிருந்தார்.

"நீதான் எழுதுனதா மா?" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா."

"என் நாற்காலிக்கு முன் சக்கரம் தேஞ்சு போச்சு. புதுசு கெடைக்குமான்னு உங்க வெப்சைட்ல பாத்துக்கினு இருந்தேன். பாத்தா என் மூஞ்சி கீது." போனை என்னிடம் நீட்டினார். "நீயே படி. சத்தமா படி."

படித்தேன். ஃபேன்ஸி ஸ்டோர் வாசலில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். 'மூலையில் முடங்கிக் கிடந்த' என்ற இடத்தில் என் குரல் உள்ளே போய்விட்டது. வீட்டில் தனியாக எழுதியபோது அழகாகத் தெரிந்த வரி. அதே வரியை அந்த முகத்துக்கு முன்னால் படிக்க வாய் வரவில்லை.

"நான் ஏழைதான், அது சரி. மூலையில எங்க கெடந்தேன்? சிறுமி வேற. எனக்கு அப்போ இருபது வயசு. அந்த வருசம்தான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணேன். யாரு உனக்கு இதெல்லாம் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா" என்றேன்.

"எங்கண்ணன் எங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் திரையில் இருந்த போட்டோவின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். வெட்டிய இடத்தில் ஒரு முழங்கையின் நுனி மட்டும் மிச்சம் இருந்தது. "இது அவர் கை. இந்த நாற்காலியைச் செஞ்சதே அவர்தான். இவங்க அப்பாவுக்குக் கட்டில் வெல்டு பண்ணிக் குடுத்துக்கினு இருந்தவரு. ஆஸ்பத்திரி நாற்காலி எங்க வீட்டு பாத்ரூம் கதவுல நுழையாது. நான் தையல் டேப்பு வச்சு கதவை அளந்து, தரையில சாக்பீஸால படம் போட்டேன். அண்ணன் அதைப் பாத்து பைப்பு வெட்டுனாரு. இவங்க அப்பா கட்டிலைப் பத்திக் கேக்க வீட்டுக்கு வந்தப்போ நான் நாற்காலியில வாசலுக்கு வந்து, அண்ணன் குளிக்கறாருன்னு சொன்னேன். அவர் என்னைப் பாக்கல, நாற்காலியத்தான் பாத்தாரு. இதே மாதிரி பத்து செய்ய முடியுமான்னு கேட்டாரு."

மகன் மெதுவாக, "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றார்.

"ஏன் தெரியாது? இருபத்தஞ்சாம் வருச விழாவுல உங்கப்பா பெரிய திரையில தமிழ்ல எழுதிப் போட்டு, மேடையில நின்னு படிச்சாரே. நானும் அண்ணனும் முதல் வரிசையில உக்காந்திருந்தோம்."

"நான் அப்போ வெளிநாட்டுல படிச்சிட்டிருந்தேன்" என்றார் மகன். பிறகு என்னைப் பார்த்தார். "பிபிடில தமிழே இல்லையே மேடம்?"

"இருக்கு சார். ஏழாவது ஸ்லைடு" என்றேன்.

மாடிக்குப் போய் அவருடைய கம்ப்யூட்டரில் அதைத் திறந்தோம். கிறுக்கலைக் காப்பி செய்து மாற்றியில் போட்டேன். முதல் எழுத்துருவில் வேறொரு கிறுக்கல் வந்தது, இரண்டாவதிலும் அப்படியே. நான்காவதில் தமிழ் வந்தது.

'அளவு சொன்னது தங்கை. செய்தது அண்ணன். ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது மட்டும்தான் நான். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தக் கம்பெனி இல்லை.'

மகன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை தடவை அந்த ஸ்லைடைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன் என்றார். அவருக்குத் தெரியாமல் போனதில் நியாயம் இருந்தது. எனக்குத் தெரிந்திருந்தது. அன்று அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த நான்கு வரியைப் பிரின்ட் எடுத்துக் கீழே கொண்டுவந்தோம். அந்த அம்மா கண்ணாடி போட்டுப் படித்தார். "இதான். இதான் சொன்னாரு" என்றார். அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன் மவுத்தாகிவிட்டார், இதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை என்றும் சொன்னார்.

"தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிடுங்க. புதுசா எழுதி உங்களுக்குக் காட்டிட்டுத்தான் போடுவோம்."

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம். மொதல்ல அந்த மூலையை எடு" என்றார்.

நண்பரைக் கூப்பிட்டு அங்கேயே நின்று பக்கத்தை எடுக்கச் சொன்னேன். மறுவாரம் புது வாசகத்தை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வரலாற்றுக்கு என்று அந்த நான்கு வரியையே வைத்திருந்தேன். அதற்குமேல் அவர் சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான். நான் 'யோசனை தந்தார்' என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு 'அளவெடுத்தார்' என்று அவரே மாற்றினார். மூன்று பேரும் முழுதாகத் தெரியும்படி நண்பர் படத்துக்கான இடத்தை அகலமாக்கினார். டீ கொடுத்தார் அந்த அம்மா. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

ஆனால் பழைய வரிகள் போய்விடவில்லை. ஏஜென்டுகள் இரண்டு பேர் அவற்றைத் தங்கள் வெப்சைட்டில் அப்படியே ஒட்டிவைத்திருந்தார்கள். எழுதிக் கேட்டதில் ஒருவர் எடுத்தார், இன்னொருவரிடமிருந்து பதிலே இல்லை. இன்றைக்கும் அங்கே அந்த அம்மா சிறுமியாக மூலையில்தான் இருக்கிறார்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. அதை நண்பரிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பக்கம் ஏறிய வாரத்திலேயே அதை என் வேலைக்கு மாதிரியாக அடையாறில் ஒரு பள்ளிக்கு அனுப்பியிருந்தேன். எல்லாம் நடந்து முடிந்தபின் அவர்கள் என்னை அழைத்தார்கள். பள்ளியின் தாளாளர் என் மாதிரியைப் பிரின்ட் எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். "அந்தப் பொண்ணைப் பத்தி எழுதியிருக்கீங்களே, மூலையில முடங்கிக் கிடந்தான்னு. படிச்சிட்டு அழுதுட்டேன். எங்க ஸ்கூலுக்கும் அதே மாதிரி எழுதணும்" என்றார்.

அது பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "தேங்க்ஸ் மேடம்" என்றுதான் வந்தது. வேலையையும் வாங்கிக்கொண்டேன்.